வாசலில் நின்ற பையனுக்குத் தொகை எப்படித் தெரிந்தது?

"அக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஓர் அன்னதானச் சங்கத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கொடையாளர் விவரமெல்லாம் வேர்ட்பிரஸில் ஓடும் சிவிசிஆர்எம்மில் இருக்கிறது. தீபாவளி விருந்துக்கு உதவ வந்த 14 தொண்டர்களுக்கும் லாகின் கொடுத்தோம். நன்கொடைப் பக்கம் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று `access CiviContribute` அனுமதியை நானே எடுத்துவிட்டேன். அப்படியிருந்தும் வாசலில் நின்ற பையன் ஒருவன், பெரியவர் ஒருவரிடம் 'மாமா, இருபத்தஞ்சாயிரம் குடுத்திருக்கீங்க, ரொம்ப நன்றி' என்று குடும்பத்தார் முன்னால் சொல்லிவிட்டான். மாமா முகம் வாடிவிட்டது. எங்கே ஓட்டை? தொண்டர்களுக்கு விருந்து விவரம் தெரிய வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அலுவலகத்தோடு நிற்க வேண்டும். தலைவரோ, 'கோயில் சுவத்துல தொகையோட பேரு போடுறோம், இதுல என்னம்மா ரகசியம்' என்கிறார்."

— அலுவலகப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்

பையனைத் திட்டாதீர்கள். அவன் எங்கும் நுழைந்து பார்க்கவில்லை. திரையில் இருந்ததைப் படித்தான், மரியாதையாக நன்றியும் சொன்னான். நீங்கள் நன்கொடைப் பக்கத்தைப் பூட்டியதும் சரிதான். ஆனால் அந்த 25,000 ரேண்ட் நன்கொடைப் பக்கத்தில் மட்டும் இல்லை. விருந்துப் பதிவோடு ஒட்டிக்கொண்டு நிகழ்ச்சிப் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று பார்ப்போம். விருந்துக்கான பதிவுப் படிவத்தில் டிக்கெட் விலைக்குக் கீழே, "கூடுதலாக நன்கொடை தர விரும்பினால்" என்று ஒரு கட்டம் வைத்திருப்பீர்கள். பெரும்பாலான சங்கங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஒரே தடவை கார்டு போட்டால் இரண்டும் முடிகிறது, கொடுப்பவருக்கும் வசதி. ஒரு விலையை 1 ரேண்ட் என்று வைத்து, எண்ணிக்கையை அவர்களே எழுதட்டும் என்று விட்டுவிடுவார்கள். டிக்கெட் 450 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். மாமா இரண்டு டிக்கெட் எடுத்து, நன்கொடைக் கட்டத்தில் 25000 என்று எழுதியிருக்கிறார். சிவிசிஆர்எம் அதை நன்கொடைக் கணக்கில் எழுதுவதோடு விடாது. அவருடைய வருகையாளர் பதிவிலும் எழுதி வைக்கும். Find Participants என்ற பக்கத்தில் யார் தேடினாலும் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் வரும்:

```
Fee Level: Adult - 2, Extra donation - 25000
Amount:    R 25,900.00
```

இதைப் பார்க்க `access CiviContribute` தேவையே இல்லை. நிகழ்ச்சிக்கான அனுமதியும் அந்த மாமாவைப் பார்க்கும் உரிமையும் இருந்தால் போதும். தொண்டர் வேலை செய்ய வேண்டுமே என்று அந்த இரண்டையும் நீங்களே கொடுத்திருப்பீர்கள். வாசலில் பையன் திறந்து வைத்திருந்ததும் இதே பக்கமாகத்தான் இருக்கும்.

அடுத்த விருந்துக்கு முதல் வேலை, டிக்கெட்டையும் நன்கொடையையும் பிரிப்பது. பதிவுப் படிவத்தில் டிக்கெட் மட்டும் இருக்கட்டும். பதிவு முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தில், தனி நன்கொடைப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வையுங்கள். இரண்டாவது தடவை கார்டு எண் போடச் சலித்துக்கொண்டு சிலர் விட்டுவிடுவார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் பொருளாளர் இதற்கு நிச்சயம் முனகுவார். ஒட்டியே இருக்கட்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் இருக்கட்டும். நான் அடுத்துச் சொல்வதைச் செய்தால் அப்படியும் சமாளிக்கலாம். எப்படியானாலும் அடுத்ததைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் பழைய விருந்துகளின் பதிவுகளில் தொகை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. புதுப் படிவம் அவற்றைத் துடைக்காது.

அடுத்தது என்னவென்றால், தொண்டர்களுக்கு சிவிசிஆர்எம்மின் வழக்கமான பக்கங்களையே கொடுக்காமல் இருப்பது. அந்தப் பக்கங்கள் அலுவலகக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. அதில் ஒவ்வொரு பத்தியாக மறைத்துக்கொண்டிருப்பது, வீட்டு வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூடி தேடுவது மாதிரி. நேர்மாறாக யோசியுங்கள். வாசலில் நிற்பவருக்கு என்னென்ன வேண்டும்? பெயர், எத்தனை பேர், மேசை எண், சாப்பாடு, பதிவின் நிலை. அவ்வளவுதான். சாப்பாடு என்றால் சும்மா சைவம், அசைவம் என்று மட்டும் போடாதீர்கள், வெங்காயம் பூண்டு இல்லாதது என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மேசை எண்ணையும் சாப்பாட்டையும் வருகையாளர் பதிவில் தனிப் புலங்களாக வையுங்கள். ஆளின் பதிவில் வைத்தால் போன வருடத்து மேசை எண் இந்த வருடமும் வந்து நிற்கும்.

பணம் கட்டினாரா என்று வாசலில் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரிய வேண்டும், ஆனால் அதற்குத் தொகை தேவையில்லை. பதிவின் நிலை `Registered` என்றிருந்தால் உள்ளே அனுப்பலாம். `Pending` என்று தொடங்கினால் பணக் கணக்கு இன்னும் முடியவில்லை, அவரை அலுவலக மேசைக்குக் கைகாட்ட வேண்டும். வாசலில் நிற்பவர் தொகையைப் பற்றி வாய் திறக்கவே வேண்டியதில்லை.

இந்த ஐந்து பத்திகளை மட்டும் கொண்ட பட்டியலை சிவிசிஆர்எம்மின் தேடல் கருவியான SearchKit-இல் செய்யலாம். வருகையாளர்களைத் தேடும் ஒரு தேடல், அதில் இந்த விருந்து மட்டும் வரும்படி ஒரு வடிகட்டி, அதற்கு ஓர் அட்டவணைக் காட்சி. அந்தக் காட்சியைப் படிவம் செய்யும் கருவியான FormBuilder-இல் ஒரு படிவத்தில் வைத்து, தொண்டர்கள் மட்டும் திறக்கும்படி படிவத்துக்கு அனுமதி கொடுங்கள். ஆட்களைப் பார்க்கும் உரிமையைத் தொண்டர்களிடமிருந்து பின்னால் எடுக்கப்போகிறோம், எடுத்ததும் இந்தப் பட்டியல் காலியாக வரும். அதற்கென்று அந்தக் காட்சியில் அனுமதிச் சோதனையைத் தாண்டும் ஓர் அமைப்பு இருக்கிறது, முழு நிர்வாகிதான் அதை மாற்ற முடியும். அதை இயக்கினால், நீங்கள் தேர்ந்தெடுத்த பத்திகள் மட்டும் யார் என்று பாராமல் காட்டப்படும். இங்கேதான் கவனம் வேண்டும். சோதனை இல்லாத காட்சியில் "இருக்கட்டுமே" என்று ஒரு தொகைப் பத்தியைச் சேர்த்தால் அதுவும் எல்லோருக்கும் தெரியும். பெயரை அழுத்தினால் ஆளின் பக்கத்துக்குப் போகும் இணைப்பையும், வரிசைகளைத் தேர்ந்தெடுத்துத் தரவிறக்கும் வசதியையும் அந்தக் காட்சியில் எடுத்துவிடுங்கள்.

பட்டியல் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, தொண்டர்களின் ரோலிலிருந்து `access CiviEvent`, `view event participants`, `view all contacts` மூன்றையும் எடுங்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அது இருக்கும்வரை, யார் யாரைப் பார்க்கலாம் என்று எழுதும் ACL விதிகளில் நீங்கள் எத்தனை வேலி போட்டாலும் பயனில்லை. "இந்தக் குழுவை மட்டும் பார்க்கலாம்" என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், "எல்லோரையும் பார்க்கலாம்" என்று அது அதைத் தாண்டிப் போய்விடும். வேலி வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

ரோல் என்றதும் இன்னொன்று. தொண்டர்களுக்கு வேர்ட்பிரஸில் ஏற்கெனவே இருக்கும் Subscriber ரோலைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வேர்ட்பிரஸில் புதிதாகக் கணக்குத் தொடங்கும் எவருக்கும் வழக்கமாகக் கிடைப்பது அந்த ரோல்தான். உங்கள் தளத்தில் கொடையாளர்களே கணக்குத் தொடங்க முடியும் என்றால், நேற்றுக் கணக்குத் தொடங்கிய கொடையாளரும் உங்கள் விருந்தினர் பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார். தொண்டர்களுக்கென்று தனியாக ஒரு ரோல் உண்டாக்குங்கள். அதற்கு Members போன்ற ஒரு பிளக்இன் போதும்.

சரி, திரையை அடைத்தாகிவிட்டது. அப்புறம் தொகை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? எனக்குத் தெரிந்து அதிகம் கசிவது இரண்டு இடங்களில்.

முதலாவது மின்னஞ்சல். நிகழ்ச்சி அமைப்பில், ஆன்லைன் பதிவுப் பகுதியில், உறுதிச் செய்தியின் நகல் யாருக்குப் போக வேண்டும் என்று கேட்கும் `CC Confirmation To`, `BCC Confirmation To` என்ற இரண்டு கட்டங்கள் இருக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் விருந்துக் குழுவின் பொது முகவரியை அதில் போட்டிருந்தார்கள். யார் பதிவு செய்தாலும் குழுவுக்கு உடனே தெரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த முகவரியின் கடவுச்சொல்லோ 20 பேர் கையில் இருந்தது. ஒவ்வொரு உறுதிச் செய்தியிலும் மொத்தத் தொகை இருந்தது. சிவிசிஆர்எம்மில் மணிக்கணக்காகப் பூட்டுப் போட்டோம், தொகைகள் எல்லாம் அந்த அஞ்சல் பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்தன. உங்களுடைய அந்த இரண்டு கட்டங்களை இப்போதே திறந்து பாருங்கள்.

அலுவலகத்திலிருந்து நீங்கள் அனுப்பும் நன்றிக் கடிதமும் இப்படித்தான். "25,000 ரேண்ட் நன்கொடைக்கு மனமார்ந்த நன்றி" என்று ஆளின் பக்கத்திலிருந்தே மின்னஞ்சல் அனுப்பினால், அது நன்கொடையாகப் பதிவாகாது. முழு வாசகத்தோடும் Email என்ற வகைச் செயல்பாடாக அவர் பக்கத்தில் உட்காரும். அந்த ஆளின் பக்கத்தைத் திறக்க முடிந்தவர் பெரும்பாலும் அதைப் படிக்கவும் முடியும். அதனால் நன்றிச் செய்தியில் தொகையை எழுதாதீர்கள். தொகையெல்லாம் ரசீதில் இருந்தால் போதும்.

இரண்டாவது, சுருக்கப் புலங்கள். வாழ்நாள் நன்கொடை மொத்தம், கடைசியாகக் கொடுத்த தொகை என்றெல்லாம் கணக்கிட்டுக் காட்டும் Summary Fields என்ற நீட்சியை நிறையச் சங்கங்கள் போட்டிருக்கின்றன. நல்ல நீட்சிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது அந்த மொத்தங்களை ஆளின் தனிப்புலங்களில் எழுதி வைக்கிறது. சிவிசிஆர்எம் கணக்கில் அவை வெறும் தனிப்புலங்கள், நன்கொடை அல்ல. `access all custom data` அனுமதி இருக்கும் எவருக்கும் அவை தெரியும். ஆகவே அந்த அனுமதி அலுவலக ரோலில் மட்டும் இருக்கட்டும். வேறு யாருக்காவது சில தனிப்புலங்கள் தேவைப்பட்டால், அந்தப் புலத்தொகுதிக்கு மட்டும் ACL-இல் வழி கொடுங்கள். இன்னொரு முக்கியமான விஷயமும் இதோடு சேர்ந்தது. 2023 மார்ச் 1 முதல் வரிவிலக்குக்கான 18A ரசீதுகளில் கொடையாளரின் அடையாள எண்ணும் தொடர்பு விவரமும் வேண்டும் என்று வருமான வரித்துறை கேட்பதால், அந்த ரசீது தரும் சங்கங்கள் அடையாள எண்களைச் சேகரிக்கின்றன. அவற்றையும் நீங்கள் தனிப்புலத்தில்தான் வைத்திருப்பீர்கள். தொகையைவிட அதுதான் திருடனுக்கு உபயோகப்படும். அதைத் தனியாக ஒரு தொகுதியில் வைத்து, ரசீது போடுகிறவருக்கு மட்டும் காட்டுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், அரை மணி நேரம் போதும். "சோதனை ஆறுமுகம்" என்று ஒரு பொய்க் கொடையாளரை உண்டாக்குங்கள். அவரை விருந்துக்குப் பதிவு செய்து, வேறு யாருக்கும் வரவே வராத ஒரு தொகையை, 73,519 என்று வையுங்கள், நன்கொடையாகப் பதியுங்கள். அந்த எண்ணோடு அவருக்கு ஒரு நன்றி மின்னஞ்சலும் அனுப்புங்கள், உங்கள் சொந்த முகவரிக்கே போகட்டும். பிறகு தொண்டர் ரோலில் ஒரு பொய்க் கணக்குத் தொடங்கி, வேறு உலாவியில் அதைக் கொண்டு உள்ளே போங்கள். உங்கள் நிர்வாகி லாகின் திறந்திருக்கும் உலாவியிலேயே பார்த்தால் நிர்வாகியாகவே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எல்லாம் தெரிகிறதே என்று வீணாகப் பதறுவீர்கள். மேலே இருக்கும் விரைவுத் தேடலில் ஆறுமுகத்தைத் தேடுங்கள். வந்தால் அதுவே தவறு. நிகழ்ச்சி மெனு தெரிகிறதா, அறிக்கைகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு வேலை செய்த பக்கங்களின் முகவரிகளை அலுவலகக் கணினியிலிருந்து நகலெடுத்து, தொண்டரின் உலாவியில் நேரே ஒட்டிப் பாருங்கள். மெனுவில் இல்லை என்பதற்காகப் பக்கம் மூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை. கடைசியில் விருந்துக் குழுவின் அஞ்சல் பெட்டியில் 73519 என்று தேடுங்கள், காற்புள்ளியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. எங்கேயாவது அந்த எண் கண்ணில் பட்டால், ஓட்டை எங்கே என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். சிவிசிஆர்எம்மைப் புதிய பதிப்புக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆறுமுகத்தை மறுபடி கூப்பிடுங்கள். தணிக்கைக்கு முன் அவருடைய பொய் நன்கொடையை அழிக்க மறக்காதீர்கள், கணக்காளர் கேட்பார்.

விருந்தன்று மண்டபத்தில் மின்சாரம் போகலாம், வைஃபை படுத்தலாம். பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதிலும் அதே ஐந்து பத்திகள்தான். மேலே தாள் எண் போட்டு, இரவு முடிந்ததும் எண்ணி வாங்கி, கிழித்துப் போடுங்கள். எக்செல் கோப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அதைத் திரும்ப வாங்க வழியே இல்லை. 14 பேருக்கும் தனித்தனி லாகின் இருக்கிறதா, ஒரே லாகினைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்களா என்பது உங்கள் கடிதத்தில் சரியாக விளங்கவில்லை. ஒன்றுதான் என்றால், யார் எதைப் பார்த்தார்கள் என்று பின்னால் எந்தப் பதிவும் சொல்லாது. தனித்தனியாகவே கொடுங்கள், விருந்து முடிந்த வாரமே மூடுங்கள்.

"அலுவலகத்தோடு நிற்க வேண்டும்" என்கிறீர்கள். அதையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம். சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக வேன் ஓட்டுநருக்கு நன்கொடை வரலாறு எதற்கு? அதே சமயம் உங்கள் பொருளாளர் சம்பளமில்லாத தொண்டர்தான், அவருக்கு முழுசாகத் தெரிந்தாக வேண்டும். ஊழியர், தொண்டர் என்று பிரிக்காமல் ரசீது போடுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், விருந்து நடத்துகிறவர் என்று வேலையை வைத்து ரோல் பிரியுங்கள். தொண்டர்கள் "எங்களை நம்பலையா" என்று மனம் நோகும்போதும் இது கைகொடுக்கும், ஏனென்றால் ஓட்டுநருக்கும் அதே விதிதான்.

தலைவர் சொன்னதற்கு வருகிறேன். கோயில் சுவரில் பெயரும் தொகையும் பொறித்திருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. அந்தக் கல்லில் இருப்பவர் பெயர் பொறிக்கச் சம்மதித்துக் கொடுத்தவர், நிறையப் பேர் கேட்டே பொறிக்க வைத்தவர்கள். இந்த மாமா விருந்துக்கு டிக்கெட் எடுக்க வந்தவர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பவராக இருக்கலாம், அண்ணன் தம்பிக்குள் பணத் தகராறு இருக்கலாம், அது நமக்கு எதற்கு? சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாப்பியா, அதாவது 2013-இன் 4-ஆம் சட்டம், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. தகவலைக் காக்க நியாயமான தொழில்நுட்ப ஏற்பாடும் நிர்வாக ஏற்பாடும் வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. உங்கள் சார்பில் தகவலைக் கையாளும் எவரும் அதை வெளியே சொல்லக்கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. அதில் சம்பளக்காரர், தொண்டர் என்ற வித்தியாசம் கிடையாது. மத நம்பிக்கை அந்தச் சட்டத்தில் சிறப்புத் தகவல் என்று தனியாக எண்ணப்படுகிறது. கோயில் சார்ந்த நன்கொடைப் பட்டியலில் அதுவும் அடங்கக்கூடும் என்பதைத் தலைவரிடம் சொல்லுங்கள். வேறு யாரையும் நியமிக்காத வரை சங்கத்தின் தகவல் அதிகாரி அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்.

அந்த இடத்தில் இருப்பவர் என்ற முறையில் அவர் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உரிமையில்லாதவர் கைக்குத் தகவல் போனதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. நடந்தது வாசலில் ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் மட்டும்தானா, 14 பேரும் எல்லோருடைய தொகைகளையும் பார்த்தார்களா, யாராவது பட்டியலைத் தரவிறக்கினார்களா என்பதை வைத்துத்தான் அந்த முடிவு வரும். அதற்குள் பழைய அனுமதி அமைப்பை மாற்றிவிட்டு எதுவும் நினைவில்லை என்று நிற்காதீர்கள். முதலில் இப்போதிருக்கும் அனுமதிப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், பிறகு மாற்றுங்கள்.

மாமாவுக்குக் கடிதம் எதுவும் போவதற்கு முன்னால் தலைவரே ஒரு தடவை போனில் பேசட்டும். என்ன நடந்தது, எந்தப் பக்கத்தில் தெரிந்தது, இப்போது எப்படி அடைத்திருக்கிறோம் என்று மூன்று வரியில் சொன்னால் போதும். பையனின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம்.